குமிழி சீரிஸா பேரலலா: ஒப்புமையை வெச்சு தெரியாத சிஸ்டத்துக்கு சமன்பாடு எழுதறது

கேள்வி: எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், தெர்மல் ஒப்புமை டேபிள் எல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா தண்ணி நிரம்பின 1 மீட்டர் டியூப், முனையில ஒரு பிரஷர் சென்சார், இதுக்கு சமன்பாடு எழுதுன்னா கை ஓட மாட்டேங்குது. நடுவுல ஒரு காத்துக் குமிழி மாட்டிக்கிட்டா அது சீரிஸா பேரலலா?

பதில்:

குமிழி பேரலல். ஏன்னு சொல்றதுலயே உங்க முதல் பாதி கேள்விக்கும் பதில் வந்துடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

டேபிள் மனப்பாடமா தெரிஞ்சும் கை ஓடாததுக்குக் காரணம், டேபிள் "எது எதுக்கு சமம்"னு மட்டும்தான் சொல்லும், எதை எதோட எப்படி கோர்க்கணும்னு சொல்லாது. தப்பு நடக்கறது பெரும்பாலும் கோர்க்கறதுலதான். அதனால நான் டேபிளை கடைசியாதான் தொடுவேன், முதல்ல ரெண்டு அளவை மட்டும் முடிவு பண்ணுவேன்: எது "ரெண்டு புள்ளிக்கு நடுவுல அளக்கறது", எது "ஒரு பொருள் வழியா ஓடறது". இங்க டியூப்ல பிரஷர் p முதல் வகை, ஒரு செகண்டுக்கு எத்தனை கன மீட்டர் தண்ணி போகுதுங்கற Q ரெண்டாவது வகை. ரெண்டையும் பெருக்கினா வாட் வருதா பாருங்க. பாஸ்கலை கன மீட்டர்/செகண்டால பெருக்கினா வாட்தான், வோல்டேஜ் × கரண்ட் மாதிரியே. இந்தப் பெருக்கல் சரியா வந்தா ஆற்றல் கணக்கு எல்லா பக்கமும் தானா ஒத்துப்போகும். சில பேர் Q-க்கு பதிலா தண்ணியோட வேகத்தை எடுத்துப்பாங்க, அப்ப டியூப் அகலம் மாறற ஒவ்வொரு இடத்துலயும் கணக்கு உடையும், ஏன்னா அகலம் மாறினா வேகம் மாறும், Q மாறாது.

அடுத்து, சிஸ்டத்தைப் பாத்து மூணே கேள்வி. ஓடறதை நிறுத்த விடாம முரண்டு பிடிக்கறது எது? அழுத்தினா உள்ள வாங்கி வெச்சுக்கிட்டு விட்டா திருப்பித் தர்றது எது? ஆற்றலை வெப்பமா தின்னுடறது எது? இந்த டியூப்ல முரண்டு பிடிக்கறது தண்ணியோட நிறை, அது இன்டக்டர், L-ங்கற எழுத்து நீளத்துக்குப் போயிட்டதால இதை I-னு எழுதறேன். வாங்கி வெச்சுக்கறது சென்சாரோட டயாஃப்ரம், கொஞ்சம் உப்பும், அது கெபாசிட்டர். தின்னுடறது பிசுபிசுப்பு, அது ரெசிஸ்டர்.

எண்களை வெச்சே பாத்துடலாம். டியூப் நீளம் 1 மீட்டர், உள் விட்டம் 2 மில்லிமீட்டர், டியூப் சுவர் விறைப்பானதுன்னு வெச்சுக்குவோம். டயாஃப்ரம் 10 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு 1 கன மில்லிமீட்டர் உப்பும்னு எடுத்துக்கறேன். அப்ப:

```
I = ρL/A        = 3.2 × 10⁸  Pa·s²/m³
R = 8μL/(πr⁴)   = 2.5 × 10⁹  Pa·s/m³
C = ΔV/ΔP       = 1 × 10⁻¹³  m³/Pa
```

டியூப் முழுக்க ஒரே Q தான் ஓடுது, தண்ணி நடுவுல எங்கயும் சேராது, அதனால I-யும் R-ம் சீரிஸ். ஓடி வர்ற தண்ணி முழுசும் டயாஃப்ரமை உப்ப வைக்கறதுல முடியுது, டயாஃப்ரமோட மறுபக்கம் வெளிக்காத்து, அதுதான் நம்ம கிரவுண்ட். சர்க்யூட் படம் வரைஞ்சா பள்ளிக்கூட சீரிஸ் RLC, அவ்வளவுதான்:

```
P_in − p = R·Q + I·dQ/dt
Q = C·dp/dt
I·C·p'' + R·C·p' + p = P_in
```

இதுலேர்ந்து இயல் அதிர்வு 1/√(IC), அதாவது 177 ரேடியன்/செகண்ட், சுமார் 28 ஹெர்ட்ஸ். டாம்பிங் விகிதம் 0.023 தான். பிரஷர் திடீர்னு ஏறினா சென்சார் நிஜ மதிப்பைத் தாண்டி கிட்டத்தட்ட அதோட ரெண்டு மடங்கு வரைக்கும் போய் ரொம்ப நேரம் ஆடிட்டு நிக்கும். சென்சார் கம்பெனி டேட்டாஷீட்ல கிலோஹெர்ட்ஸ்ல போட்டிருப்பாங்க, அது சென்சார் மட்டும் தனியா இருக்கறப்போ, டியூபை மாட்டின நிமிஷம் அந்த நம்பரை மறந்துடணும்.

இப்ப இதையே மெக்கானிக்கலா பாக்கறவங்க எங்க விழுவாங்கன்னு சொல்றேன், ஏன்னா நானே விழுந்திருக்கேன். பல வருஷம் முன்னாடி ஒரு லேப்ல இதே மாதிரி ஒரு செட்டப். "தண்ணி ஒரு நிறை, டயாஃப்ரம் ஒரு ஸ்ப்ரிங், ரூட் k/m போட்டா முடிஞ்சுது"ன்னு உக்காந்தேன். மேல இருக்கற எண்களை வெச்சே சொன்னா டியூப்ல இருக்கற தண்ணி 3.14 கிராம், டயாஃப்ரம் விட்டம் 10 மில்லிமீட்டர், அதோட விறைப்பு சுமார் 62,000 நியூட்டன்/மீட்டர், விடை 700 ஹெர்ட்ஸ். சந்தோஷமா போய் டெஸ்ட் பண்ணா ஸ்கோப்ல 27 ஹெர்ட்ஸ் பக்கம் ஆடிட்டிருக்கு, சென்சார் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேற ஒண்ணு மாத்தினேன், அதுவும் அப்படியே ஆடுது, கேபிளை மாத்தினேன், ஒண்ணும் ஆகல.

தப்பு என்னன்னா டியூப் தண்ணியும் டயாஃப்ரமும் ஒரே வேகத்துல நகரலை. டயாஃப்ரம் பரப்பு டியூப் பரப்பை விட 25 மடங்கு, அதனால டயாஃப்ரம் துளி நகர்ந்தா டியூப்ல தண்ணி 25 மடங்கு வேகமா ஓடியாகணும். வேகம் ஒண்ணா இல்லாத ரெண்டு பொருளை ஒரே லூப்ல நேரடியா போடக் கூடாது, நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, பரப்புதான் அந்த டிரான்ஸ்ஃபார்மர்: விசை = A·p, Q = A·வேகம். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினா இம்பீடன்ஸ் விகிதத்தோட வர்க்கத்தால பெருகும்னு தெரியும்ல, 25-இன் வர்க்கம் 625, அப்ப டயாஃப்ரமுக்கு அந்த 3 கிராம் தண்ணி 2 கிலோ மாதிரி கனக்குது. ரூட்(62,000 / 1.96) போட்டுப் பாருங்க, அதே 177 வரும். p-யும் Q-வும் எடுத்துக்கிட்டா இந்தத் தொல்லையே வராது, ஏன்னா பரப்பு I-க்குள்ளயே போய் உக்காந்துடுது, அதனாலதான் தண்ணி, காத்து வர்ற இடத்துல நான் நிறை-ஸ்ப்ரிங் படம் வரையறதே இல்ல.

இதுல இன்னொரு சின்ன விஷயம். மெக்கானிக்கல் ஒப்புமை ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணுல விசை வோல்டேஜ், நிறை இன்டக்டர். இன்னொண்ணு 1933-ல ஃபயர்ஸ்டோன் சொன்னது, அதுல விசை கரண்ட், வேகம் வோல்டேஜ், நிறை கெபாசிட்டர். ரெண்டும் சரிதான், ஆனா பாதி டேபிளை இதுலேர்ந்தும் பாதியை அதுலேர்ந்தும் எடுத்தா குழம்பிடுவீங்க. வெறும் மெக்கானிக்கல் சிஸ்டம்னா ஃபயர்ஸ்டோன் வழி வசதி, படம் எப்படி இருக்கோ சர்க்யூட்டும் அப்படியே வரும். ஆனா இங்க பிரஷர் வோல்டேஜா இருக்கறதால விசையும் வோல்டேஜாவே இருக்கட்டும், அப்பதான் பரப்பு சாதாரண டிரான்ஸ்ஃபார்மரா இருக்கும், இல்லாட்டி அது வோல்டேஜை கரண்டா மாத்தற கைரேட்டரா ஆயிடும், எதுக்கு வம்பு.

இப்ப குமிழிக்கு வருவோம். 10 கன மில்லிமீட்டர் காத்து டியூப்ல மாட்டிருக்குன்னு வெச்சுக்குங்க, டியூபை அடைச்சு நின்னா 3 மில்லிமீட்டர் நீளம், உத்துப் பாத்தாதான் தெரியும். காத்தோட C ங்கறது கொள்ளளவு / அழுத்தம் (வெப்பநிலை மாறாம இருந்தா), 10⁻⁸ / 10⁵ = 10⁻¹³. அதாவது அந்தத் துக்கடா குமிழி முழு டயாஃப்ரமுக்கு சமமான கெபாசிட்டர்! கணக்கு போடாம யாரும் இதை நம்ப மாட்டாங்க.

இதை எங்க கோர்க்கறது? குமிழி டியூப் வழியில குறுக்க நிக்குதே, அப்ப சீரிஸ்தானேன்னு தோணும். கண்ணுக்குத் தெரியற இடத்தை நம்பாதீங்க, ரெண்டு கேள்வி கேளுங்க. குமிழியோட இந்தப் பக்கம் உள்ள வர்ற Q-வும் அந்தப் பக்கம் வெளிய போற Q-வும் ஒண்ணா? இல்ல, குமிழி சுருங்கினா உள்ள வர்றது அதிகம், வெளிய போறது கம்மி, வித்தியாசம் குமிழி சுருங்கின அளவு. குமிழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரஷர் ஒண்ணா? ஆமா, காத்துக்கு நிறையே இல்லாத மாதிரிதான், ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர். பிரஷர் ஒண்ணு, Q பிரியுது, அப்ப அது நோட், நோட்லேர்ந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர்.

இதோட எதிர்ப்பதத்தையும் பாத்தா நல்லா புரியும். டியூபுக்குக் குறுக்க ஒரு ரப்பர் சவ்வை இழுத்து ஒட்டிட்டா? இப்ப இந்தப் பக்கம் வந்த Q அப்படியே அந்தப் பக்கம் போகுது, ஏன்னா சவ்வு நகர்ந்த அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணு. பிரஷர்தான் ரெண்டு பக்கமும் வேற. அது சீரிஸ் கெபாசிட்டர். சந்தேகம் வந்தா டிசி சோதனை ஒண்ணு இருக்கு: நிலையான ஓட்டம் அது வழியா போக முடியுமா? டியூப் சுவர்ல ஒட்டிக்கிட்ட குமிழியைத் தாண்டி தண்ணி எவ்வளவு நேரம் வேணா ஓடும், சவ்வைத் தாண்டி ஓடாது. சீரிஸ் கெபாசிட்டர் டிசியைத் தடுக்கும், பேரலல் தடுக்காது. அதே ரப்பர், அதே காத்து, கோர்த்த விதம் மாறினா சிஸ்டமே வேற.

அடுத்து, குமிழி எங்க உக்காந்திருக்குங்கறது. சர்க்யூட் வரைஞ்சதோட நிஜ லாபம் இங்கதான் கிடைக்கும்.

சென்சார் பக்கத்துலயே இருந்தா ரெண்டு கெபாசிட்டர் பேரலல், C ரெண்டு மடங்கு, அதிர்வு 28-லேர்ந்து 20 ஹெர்ட்ஸ். ரெண்டு கெபாசிட்டர் இருந்தாலும் ஒரே நோட்ல இருக்கறதால சமன்பாடு இன்னும் ரெண்டாம் வரிசைதான்.

நுழைவாய்ப் பக்கம், அதாவது பிரஷர் குடுக்கற முனையில இருந்தா? அங்க P_in என்னங்கறதை வெளியிலேர்ந்து யாரோ முடிவு பண்றாங்க, வோல்டேஜ் சோர்ஸுக்கு பேரலலா கெபாசிட்டர் போட்டா மத்த சர்க்யூட்டுக்கு எதுவும் மாறாது. அந்தக் குமிழியால சென்சார் ரீடிங்ல ஒரு பாதிப்பும் இல்ல. ஆனா சோர்ஸ் கெட்டியா இருந்தாதான் இது, அதுவே ஒரு ஒடுங்கின ஊசி வழியா பிரஷர் வருதுன்னா அந்த ஊசியோட R-க்கும் I-க்கும் அப்பால குமிழி இருக்கு, அப்ப கணக்குல வந்துடும்.

நடுவுல இருந்தா டியூபை ரெண்டா பிரிச்சாகணும்:

```
(I/2)·dQ1/dt = P_in − p_b − (R/2)·Q1
C_b·dp_b/dt  = Q1 − Q2
(I/2)·dQ2/dt = p_b − p − (R/2)·Q2
C·dp/dt      = Q2
```

நாலாம் வரிசை. ரெண்டு அதிர்வு வரும், சுமார் 25 ஹெர்ட்ஸ் ஒண்ணு, 65 ஹெர்ட்ஸ் ஒண்ணு. நீங்க ஸ்கோப்ல அலையைப் பாத்து, மெதுவா ஆடற அலை மேல பொடிப்பொடியா இன்னொரு ஆட்டம் ஏறியிருந்தா சென்சாரைச் சந்தேகப்படாதீங்க, டியூப் நடுவுல குமிழி தேடுங்க.

எத்தனாம் வரிசை சமன்பாடு வரணும்னு எழுதறதுக்கு முன்னாடியே எண்ணிப் பாக்கறதும் இப்படித்தான்: தனித்தனியா ஆரம்ப மதிப்பு குடுக்க முடியற சேமிப்புகள் எத்தனை? ஒரே குமிழி, இடத்தைப் பொறுத்து 2, 2, 4. எழுதின சமன்பாட்டோட வரிசை இந்த எண்ணிக்கையோட ஒத்துப் போகலைன்னா எங்கயோ கோர்த்தது தப்பு.

தெர்மல் இதுல எங்க வருதுன்னு கேப்பீங்க. குமிழிக்குள்ளயேதான் வருது. மேல V/P போட்டப்போ "வெப்பநிலை மாறாம இருந்தா"ன்னு நைசா சொல்லிட்டுப் போனேன் இல்லையா, காத்தை வேகமா அழுத்தினா சூடாகும், அந்த சூடு தண்ணிக்குள்ள இறங்க நேரம் கிடைக்காட்டி காத்து 1.4 மடங்கு விறைப்பா நடந்துக்கும், C 0.71 மடங்கா குறையும். எந்தப் பக்கம் எடுக்கறதுன்னு முடிவு பண்ண ஒரு தெர்மல் RC போடணும். காத்தோட வெப்பக் கொள்ளளவு 12 மைக்ரோஜூல்/கெல்வின். சுத்தி இருக்கற தண்ணி கிரவுண்ட், ஏன்னா காத்தோட ஒப்பிட்டா அது அசையாம அதே வெப்பநிலையில நிக்கும். நடுவுல காத்தோட கடத்தல் ரெசிஸ்டன்ஸ், காத்தோட வெப்பக் கடத்துத்திறனை k-ஆவும் குமிழியோட நீளத்தை L-ஆவும் வெச்சு 1/(8πkL) போட்டா சுமார் 500 கெல்வின்/வாட். பெருக்கினா 6 மில்லிசெகண்ட். 20 ஹெர்ட்ஸ்ல 1/ω 8 மில்லிசெகண்ட். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு, அதாவது இங்க ரெண்டு எல்லையும் பொருந்தாது, நடுவுல எங்கயோ இருக்கும், C 0.71-க்கும் 1-க்கும் நடுவுல, அதோட கொஞ்சம் கூடுதல் டாம்பிங்கும் வரும், ஏன்னா ஏறும்போது குடுத்த சூடு இறங்கும்போது முழுசா திரும்பி வராது. குமிழி 10 மடங்கு சின்ன விட்டத்துல இருந்தா 100 மடங்கு வேகமா ஆறிடும், அப்ப தைரியமா V/P போடலாம்.

தெர்மல் பக்கம் டேபிளை நம்பி ரெண்டு இடத்துல ஏமாறுவாங்க. வெப்பநிலை வோல்டேஜ், வெப்ப ஓட்டம் கரண்ட்னு போடறோம், ஆனா வெப்ப ஓட்டமே வாட்ல இருக்கு, வெப்பநிலையோட பெருக்கினா பவர் வராது. சமன்பாடு சரியாதான் வரும், ஆனா தெர்மல் "ரெசிஸ்டர்ல" எலக்ட்ரிக்கல் I²R மாதிரி ஆற்றல் கரையுதுன்னு எழுதிடாதீங்க, உள்ள போன வெப்பம் அப்படியே வெளிய வரும். இன்னொண்ணு, தெர்மல் இன்டக்டர்னு ஒண்ணு கிடையாது. வெப்பம் சூட்டிலேர்ந்து குளிருக்குத்தான் போகும், முரண்டு பிடிச்சு தாண்டிப் போய் திரும்பி வர்ற வேலை அதுக்குத் தெரியாது. வெறும் வெப்பக் கடத்தல் மட்டும் இருக்கற சிஸ்டம் தானா அலைபாயறதா உங்க சமன்பாடு சொன்னா, குறியைத் தப்பா போட்டிருக்கீங்க. (கட்டுப்பாட்டு லூப் இருந்தா அலைபாயலாம், அது வேற கதை.) தெர்மல் கெபாசிட்டரோட ஒரு கால் எப்பவும் கிரவுண்ட்ல இருக்கணுங்கறதையும் பாத்துக்குங்க, ரெண்டு சூடான பொருளுக்கு நடுவுல கெபாசிட்டர் வரையறது நான் அடிக்கடி பாக்கற தப்பு.

கடைசியா, இந்த மாடலை எவ்வளவு தூரம் நம்பலாம். முதல்ல நீளம்: டியூபை ஒரே துண்டா எடுத்தது அலைநீளம் டியூபை விட ரொம்பப் பெருசா இருந்தாதான் செல்லும். விறைப்பான டியூப்ல தண்ணியில சத்தம் சுமார் 1500 மீட்டர்/செகண்ட், 28 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 50 மீட்டருக்கு மேல, கவலையே இல்ல. மெத்துனு இருக்கற ரப்பர் டியூப்ல அலை வேகம் சில பத்து மீட்டர்/செகண்டுக்கு இறங்கிடும், அப்ப அலைநீளம் டியூப் நீளத்துக்கே வந்துடும், ஒரு I ஒரு C போதாது, துண்டு துண்டா பிரிக்கணும்.

ரெண்டாவது R. நான் போட்ட 8μL/(πr⁴) நிதானமா ஒரே பக்கமா ஓடற தண்ணிக்கு. 28 ஹெர்ட்ஸ்ல முன்னும் பின்னும் ஆடற தண்ணியில சுவரை ஒட்டின 0.1 மில்லிமீட்டர் அடுக்கு மட்டும்தான் உரசலை உணரும், நடுவுல இருக்கறது கட்டையா ஒண்ணா ஓடும். அதனால நிஜ R சுமார் 3 மடங்கு, I-யும் 10 சதவீதம் கிட்ட கூடும். நான் ஸ்கோப்ல 28 இல்லாம 27 பக்கம் பாத்ததுக்குக் காரணம் இதுதான். இதை டெஸ்ட்லயே கண்டுபிடிக்கலாம்: நுழைவாய்ல பிரஷர் ஏத்தி சட்டுன்னு திறந்து விட்டு அடுத்தடுத்த உச்சங்களை அளந்து பாருங்க. என் சமன்பாட்டுல ஒவ்வொரு உச்சமும் முந்தினதுல 87 சதவீதம் இருக்கணும், நிஜத்துல மூணில் ரெண்டு பங்குதான் இருக்கும். அதிர்வெண் கிட்டத்தட்ட சரியா வந்து டாம்பிங் மட்டும் இப்படித் தள்ளிப் போனா கோர்த்தது சரி, R-ஐ அளந்த மதிப்புக்கு மாத்திட்டு மேல போகலாம். அதிர்வெண்ணே 20-க்கு இறங்கியிருந்தா டியூபைக் கழட்டி தண்ணியைத் திரும்ப நிரப்புங்க, கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியா இருந்தா கரைஞ்ச காத்து கம்மியா இருக்கும், அதே குமிழி மறுபடி முளைக்காது.